‘மன்ம்’ எப்படி வந்தது?

மனம் என்று எழுதியிருந்தது. கணினி அதை ‘மன்ம்’ என்று படித்தது. அடுத்த பக்கத்தில் தினம் ‘தின்ம்’ ஆனது, வனம் ‘வன்ம்’ ஆனது.

ஒரு சிறு நூலகத்தின் பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அது. பக்கங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிச் சதுரமாக வெட்டி, எது எந்த எழுத்து என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். அது படித்துத் தந்ததைச் சரிபார்க்க, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது புள்ளியை விட்டுட்டுப் படிச்சா எனக்குப் புரியும். புள்ளி சின்னது, கண்ணுல படலைன்னு வெச்சுக்கலாம். ஆனா இல்லாத புள்ளியை இல்ல கொண்டுவந்து வைக்குது!”

எங்களுக்கும் அதுதான் விளங்கவில்லை. மங்கிய மை, கறை படிந்த தாள் என்று காரணம் தேடினோம். ‘மனம்’ இருந்த பக்கமோ பளிச்சென்று இருந்தது. கடைசியில், கணினிக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் கொடுத்த படங்களிலிருந்து நூறை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டோம். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் பெயர். டீச்சர் விரலை வைத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். “இது ‘ன’ தானே? கீழே ‘ன்’னு போட்டிருக்கீங்க.” அடுத்த வரிசையில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. எழுத்து முழுசாக இருந்தது, மேலே புள்ளி மட்டும் இல்லை. அந்தப் புள்ளியை எழுதியவர் விட்டுவிடவில்லை. அழித்தது நாங்கள்.

எப்படி அழித்தோம் என்பதைச் சொல்வதற்கு முன், ஏன் அந்தப் படங்களில் கை வைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். படம் பார்த்துப் பெயர் சொல்லும் கணினி நிரல்கள் உதாரணங்களிலிருந்து கற்கின்றன. ஒவ்வோர் உதாரணமும் ஒரு படம், அதற்கு ஒரு விடை. அந்த விடையைத்தான் லேபிள் என்கிறார்கள். 0 முதல் 9 வரை எண்களைக் கையால் எழுதிச் சேர்த்த, உலகமெங்கும் புழங்கும் எம்னிஸ்ட் தொகுப்பில் பயிற்சிக்கென்றே 60,000 படங்கள் உண்டு, அதாவது ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 6,000. தமிழுக்கு 247 எழுத்துகள். ஹெச்.பி. லேப்ஸ் இந்தியா திரட்டிய தனி எழுத்துத் தொகுப்பு அவற்றை 156 வடிவங்களாகப் பிரித்துக்கொண்டது. ஒரு வடிவத்துக்குக் கிடைத்தவை 500 அளவில்தான். நம் கையிலுள்ள குறிப்பேட்டிலிருந்து நாமே திரட்டினால், சில எழுத்துகளுக்கு 50 கூடத் தேறாது.

இந்தக் குறையை ஈடுகட்டக் கண்ட வழிதான் டேட்டா ஆக்மென்டேஷன். தமிழில் தரவுப் பெருக்கம் எனலாம். இருக்கிற படத்தையே கொஞ்சம் சாய்ப்பது, நகர்த்துவது, பெரிதாக்குவது, மங்கலாக்குவது; அப்படி வந்த புதுப் படத்துக்கும் பழைய விடையையே எழுதிவிடுவது. ஒரு ‘க’ படம் பத்து ‘க’ படங்களாகிவிடும். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான அலெக்ஸ்நெட், 12 லட்சம் படங்களைக் கையில் வைத்துக்கொண்டும் இதைச் செய்தது. 256 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட ஒவ்வொரு படத்திலிருந்தும் 224 புள்ளி அளவில் துண்டுகளை வெவ்வேறு இடங்களில் வெட்டியது. ஒவ்வொரு துண்டையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றியும் வைத்துக்கொண்டது. 32 × 32 இடங்கள், அதன் இரு மடங்கு என்று கணக்குப் போட்டால், ஒரு படம் 2,048 ஆனது. இப்படிப் பெருக்காவிட்டால் அந்த நிரல் படங்களை நெட்டுருப் போடுவதோடு நின்றுவிடும் என்று அதை உருவாக்கியவர்களே எழுதினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய விடையைப் புதுப் படத்துக்கு எழுதும்போது நாம் ஒரு வாக்குறுதி கொடுக்கிறோம்: ‘இந்த மாற்றம் விடையைத் தொடாது.’ நாயின் படத்தை இடவலம் மாற்றினாலும் அது நாய்தான். நாய் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கும். அந்த வாக்குறுதி நாய்க்குச் செல்லும் என்பதற்காக எழுத்துக்கும் செல்லும் என்று நினைத்ததுதான் எங்கள் தவறு.

எங்கள் நிரலில் இருந்தது இந்த ஒரே வரிதான்:

```python
transforms.RandomAffine(degrees=8, translate=(0.2, 0.2), fill=255)
```

படத்தை 8 டிகிரி வரை இப்படியோ அப்படியோ சாய்த்துக்கொள், அகலத்திலும் உயரத்திலும் 20 சதவீதம் வரை விருப்பப்படி நகர்த்திக்கொள் என்று பொருள். கையெழுத்து சாயும், கட்டத்துக்குள் மேலும் கீழுமாக உட்காரும். கேட்பதற்கு நியாயமான மாற்றமாகவே இருக்கிறது.

இப்போது ஒரு ‘ன்’ படத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். சதுரம் 64 புள்ளி உயரம். எழுத்தின் உடல் மேலிருந்து 14ஆவது வரிசையில் தொடங்குகிறது. புள்ளி 5ஆவது வரிசையிலிருந்து 9ஆவது வரிசை வரை உட்கார்ந்திருக்கிறது. 64இல் 20 சதவீதம் என்றால் 12.8, ஆக, படம் மேலே அதிகபட்சம் 13 வரிசை நகரலாம். 9 வரிசையோ அதற்கு மேலோ மேலே நகர்ந்துவிட்டால் புள்ளி சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் 13 வரிசை நகர்ந்தாலும் எழுத்தின் உடலில் ஒரு கோடுகூடக் குறையாது. ஓரம் வெட்டுப்பட்ட படமாக இருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். இது அப்படியில்லை. பழுதே தெரியாத, சுத்தமான ‘ன’ படம். கீழே பெயர் மட்டும் ‘ன்’. அப்படி நகரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று.

ஆறில் ஒன்று தவறினால் மீதி ஐந்து சரிதானே, கணினி சமாளித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இரண்டு எழுத்துகளும் சம அளவில் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். ‘ன’ 600, ‘ன்’ 600 என்றால், புள்ளியில்லாத வடிவம் ‘ன’ என்ற பெயரோடு 600 தடவையும் ‘ன்’ என்ற பெயரோடு 100 தடவையும் வரும். கணினி பெரும்பான்மைப் பக்கம் சாயும். ஆனால் தமிழ்ப் பக்கத்தை வெட்டிப் பாருங்கள். நான், அவன், என், தான், வந்தேன் என்று முடிகிற சொற்கள் எத்தனை! ‘ன்’ குவிந்து கிடக்கும். வெறும் ‘ன’ அங்கொன்றும் இங்கொன்றும்தான். ‘ன்’ 600, ‘ன’ 100 என்று வைத்துக்கொள்வோம். 600இல் ஆறில் ஒன்று, 100. இப்போது புள்ளியில்லாத அதே வடிவம் ‘ன’ என்ற பெயரில் 100, ‘ன்’ என்ற பெயரிலும் 100. கணினிக்கு இனி அது பூவா தலையா. மனம் ‘மன்ம்’ ஆனது இப்படித்தான். புள்ளியை நாங்கள் அழித்தோம். அதனால் புள்ளி இல்லாத இடத்திலும் அது இருப்பதாக நினைக்கக் கணினி கற்றுக்கொண்டது.

தமிழுக்கு இது புதிய சிக்கலும் அல்ல. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை வைக்காமலேயே விட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். படிப்பவர் முன்பின் சொற்களைக் கொண்டு புள்ளியைத் தானே இட்டுக்கொண்டார். எங்கள் நிரல் ஒவ்வோர் எழுத்தையும் தனியாக வெட்டிப் பார்த்தது. முன்பின் பார்க்க அதற்கு வழியில்லை.

திருத்தம் எளிது. நகர்த்துவதற்கு முன் படத்தைச் சுற்றி வெற்றிடம் சேர்த்துவிட வேண்டும்:

```python
transforms.Pad(13, fill=255),
transforms.RandomAffine(degrees=8, translate=(0.14, 0.14), fill=255)
```

64 புள்ளிச் சதுரம் 90 ஆகிறது. அதில் 14 சதவீதம் 12.6, ஆக நகர்வு முன்போலவேதான். ஆனால் புள்ளி வெளியே போக வழியில்லை. 255 என்பது வெள்ளைத் தாளுக்காக. அதைச் சொல்லாவிட்டால் காலி இடத்தைக் கருப்பால் நிரப்புவது இந்தக் கருவியின் வழக்கம்; சாய்த்த படத்தின் மூலையில் கருப்பு முக்கோணம் வந்து நிற்கும்.

இப்படி நாம் சொல்லாமலேயே கருவி தானாக வைத்துக்கொள்ளும் அளவுகள்தான் பலரையும் வீழ்த்துகின்றன. படத்தில் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் `RandomResizedCrop` என்ற கட்டளைக்கு அளவு எதுவும் கொடுக்காவிட்டால், படத்தின் பரப்பில் 8 சதவீதம் வரை சிறிய துண்டைக்கூட வெட்டிக்கொள்ளும். புல்வெளியில் நிற்கும் யானையின் புகைப்படத்துக்கு அது தாங்கும். தோலைப் பார்த்தே யானை என்று சொல்லலாம். ‘ஏ’ என்ற எழுத்தில் 8 சதவீதம் எடுத்தால் வெறும் வளைவு மிஞ்சும். பாதிக்கு மேல் எடுத்தால்கூட, கீழே உள்ள சிறு கோடு போனால் அது ‘எ’.

எழுத்தை விட்டுச் சாலைக்கு வருவோம். ஜெர்மனியில் திரட்டி 2011இல் போட்டிக்கு வைத்த போக்குவரத்துக் குறிகளின் தொகுப்பில் 43 வகைகள். ‘இடப்பக்கம் திரும்பு’ என்ற குறியை இடவலம் மாற்றினால் ‘வலப்பக்கம் திரும்பு’ ஆகிவிடும். பழைய பெயரோடு விட்டால் ஆபத்து. பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டால் ஒரு காசும் செலவில்லாமல் புதிய உதாரணம். ‘நுழையாதே’ குறி, சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவேதான். ‘30’ என்ற வேகக் குறியைத் திருப்பினாலோ உலகத்தில் எந்தச் சாலையிலும் இல்லாத ஒன்று வரும். அதைத் தூக்கிப் போட வேண்டும். ஒரே மாற்றம்தான், குறிக்குக் குறி விடை வேறு. எனவே எந்த வகைக்கு எது ஒத்துவரும் என்று வகைவாரியாக உட்கார்ந்து எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நிறமும் அப்படியே. கார் படத்தில் நிறத்தை மாற்றினால் கார் காராகவே இருக்கும். நெல் இலைக்கு அது பொருந்தாது. இலையின் பச்சையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தழைச்சத்து போதுமா, யூரியா போட வேண்டுமா என்று முடிவு செய்யும் உழவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குப் படம் திரட்டிவிட்டு நிறத்தைக் கலைத்தால் நாம் விடையையே கலைத்துவிட்டோம். இலையைத் தலைகீழாகத் திருப்புங்கள், தாராளமாக. பச்சையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படத்திலாவது தவறு கண்ணுக்குத் தெரியும். வாக்கியத்தில் அது பதுங்கிக்கொள்ளும்.

வாக்கியங்களைப் பெருக்க 2019இல் ஜேசன் வெய், கை ஜோ இருவரும் நான்கு எளிய வழிகளைச் சொன்னார்கள்: ஒரு சொல்லுக்கு அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போடுவது, ஒத்த பொருள்சொல் ஒன்றைக் கூடுதலாக நுழைப்பது, இரண்டு சொற்களை இடம் மாற்றுவது, ஒரு சொல்லை நீக்குவது. பத்தில் ஒரு சொல் அளவுக்கு மாற்றினால் பொருள் பெரும்பாலும் கெடாது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பார்த்தது ஆங்கில வாக்கியங்களை. தமிழில் வேற்றுமையும் காலமும் எதிர்மறையும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதால் வாக்கியத்தில் சொற்கள் குறைவு. ‘படம் எனக்குப் பிடிக்கவில்லை’, மூன்றே சொற்கள். குறைந்தது ஒரு சொல்லையாவது மாற்று என்று நிரலில் இருந்தால், பத்தில் ஒன்று என்று நினைத்தது மூன்றில் ஒன்றாகிவிடும்.

திரைப்பட விமர்சனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘படம் நல்லா இல்ல, மோசம்’. லேபிள்: எதிர்ப்பு. நான்கு சொற்களில் இரண்டை இடம் மாற்ற ஆறு வழிகள். ‘படம்’ என்பதையும் ‘நல்லா’ என்பதையும் மாற்றினால் ‘நல்லா படம் இல்ல, மோசம்’. பேச்சு கொஞ்சம் குழறும், கருத்து மாறாது. ‘நல்லா’ இருந்த இடத்தில் ‘மோசம்’ வந்தால் ‘படம் மோசம் இல்ல, நல்லா’. திட்டு பாராட்டாகிவிட்டது. லேபிள் மட்டும் ‘எதிர்ப்பு’ என்றே நிற்கிறது. ‘இல்ல’வும் ‘மோசம்’மும் மாறினால் ‘படம் நல்லா மோசம் இல்ல’. இதற்கு என்ன விடை எழுதுவது என்று மனிதருக்கே தெரியாது. ஆறில் ஒன்று தலைகீழ், இன்னொன்று குழப்பம்.

இடமாற்றமே தமிழுக்கு ஆகாது என்பதல்ல இதன் பொருள். ‘ராமன் கண்ணனை அடித்தான்’ என்பதைக் ‘கண்ணனை ராமன் அடித்தான்’ என்று மாற்றினாலும் அடி வாங்கியவர் மாறுவதில்லை. ‘ஐ’ உருபு அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இடமாற்றம் பொருளைக் கவிழ்த்துவிடும். ஆக, வேற்றுமை உருபு ஏற்ற பெயர்ச்சொற்களை நகர்த்தும் உரிமை தமிழில் நமக்குக் கூடுதலாகவே உண்டு. இல்லை, இல்ல, அல்ல, மாட்டேன், கூடாது, ஆனால், தவிர போன்றவற்றைத்தான் பூட்டி வைக்க வேண்டும். அவற்றை நகர்த்தவும் கூடாது, நீக்கவும் கூடாது. ‘பாட்டு ஒண்ணும் மோசம் இல்ல’ என்பதில் கடைசிச் சொல் போனால் என்ன ஆகும் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

ஒத்த சொல் போடுவதிலும் பள்ளம் இருக்கிறது. ‘மரண மாஸ்’ என்று இளைஞர் எழுதுவது உச்சப் பாராட்டு. அகராதி பார்த்து மரணத்துக்குச் ‘சாவு’ என்று போட்டால் அந்தப் பாராட்டு செத்துவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு முறை: வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து, மறுபடியும் தமிழுக்குக் கொண்டுவருவது. திரும்பி வரும் வாக்கியம் சொற்களில் வேறுபட்டு, பொருளில் ஒத்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. செய்தியைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் வேலைக்கு இது நன்றாகவே உதவும்; கிரிக்கெட் செய்தி போய் வந்தாலும் கிரிக்கெட் செய்திதான். ஆனால் வசைச் சொற்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பாருங்கள். ‘போடா’ என்பது ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘டா’வை உதிர்த்துவிட்டு வெறும் கட்டளையாகிறது. திரும்பி வரும்போது ‘செல்லுங்கள்’ என்று மரியாதையோடு வந்து நிற்கலாம். லேபிளோ இன்னும் ‘வசை’ என்கிறது. இப்படி ஆயிரம் வாக்கியங்களைக் கொடுத்தால், கண்ணியமாகப் பேசுகிறவரைத் தடுத்து நிறுத்தக் கணினி கற்றுக்கொள்ளும். தமிழில் அவன், அவர், வா, வாங்க என்பதில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. அந்தப் பாதி எல்லையைத் தாண்டிப் போய்வரும்போது தங்காது.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தாலும் ஏதாவது ஒன்று தப்பும். ஆகவே சோதனை வேண்டும். நாங்கள் இப்போது செய்வது இது. மாற்றாத படங்கள் 100, மாற்றிய படங்கள் 100, இரண்டையும் கலக்கி, பெயரை மறைத்து டீச்சரிடம் கொடுக்கிறோம். அவர் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதுகிறார். மாற்றாத படங்களிலும் சில அவருக்கே பிடிபடாது, கையெழுத்து அப்படி. அதனால் மொத்தத் தவறை எண்ணிப் பயனில்லை. மாற்றிய நூறில் எத்தனை தவறு, மாற்றாத நூறில் எத்தனை தவறு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் கைவேலை. அதையும் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்க்கிறோம். மொத்தச் சராசரியைப் பார்த்தால் ‘ன’ போன்ற அரிய எழுத்தின் துன்பம் தெரியவே தெரியாது. பயிற்சி முடிந்த பின்னும் அப்படித்தான்: எது எதுவாகத் தவறிப் படிக்கப்படுகிறது என்று அட்டவணை போட்டால், தவறுகள் ‘ன’விலிருந்து ‘ன்’ நோக்கி ஒரே திசையில் ஓடியிருக்கும். மங்கலான ஸ்கேன் என்றால் தவறு நாலா பக்கமும் சிதறும். ஒரே திசையில் ஓடினால் லேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அப்போதுதான் திருத்தினோம். பெருக்கிய பிறகு படங்களைப் பயிற்சிக்கென்றும் தேர்வுக்கென்றும் பிரித்திருந்தோம். ஒரே ‘ன்’ படத்தின் ஒரு பிரதி பயிற்சியிலும் இன்னொரு பிரதி தேர்விலும் உட்கார்ந்துகொண்டது. புள்ளி போன பிரதிகள் தேர்வுத் தாளிலும் தவறான விடையோடு இருந்தன. கணினி தவறாகச் சொல்ல, விடைத்தாளும் தவறாக இருக்க, மதிப்பெண் மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தது. முதலில் பிரிக்க வேண்டும். பிறகு பயிற்சிப் பங்கை மட்டும் பெருக்க வேண்டும். தேர்வுப் படங்கள் குறிப்பேட்டில் இருந்தபடியே இருக்கட்டும்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சியைத் தொடங்கும் முன், மாற்றிய படங்களில் நூறையோ வாக்கியங்களில் நூறையோ தாளில் அச்சிடுங்கள். நிரல் தெரிந்தவரிடம் அல்ல, எழுத்துக்குத் தமிழாசிரியரிடமும் இலைக்கு உழவரிடமும் கொடுங்கள். அரை மணி நேரம் போதும்.